பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுப்பது எப்படி: கோயில் சங்கச் சேனலுக்கான யூடியூப் அனுமதிகள்

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். அன்று எடுத்த காட்சிகளை யூடியூபில் ஏற்றும் கோயில் சங்கங்களில் ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சங்கத்துக்கு ஒரு ஜிமெயில் இருக்கும். அதன் பாஸ்வேர்ட் வாட்ஸ்அப் குழுவில் எங்கோ கிடக்கும். வீடியோ வெட்டி ஒட்டும் தம்பிக்கு அது தெரியும், போன நிர்வாகக் குழுவில் இருந்தவருக்கும் தெரியும், பிரான்ஸுக்குப் படிக்கப்போன பிள்ளையின் பழைய மடிக்கணினியிலும் அது பதிவாகி இருக்கும். யாராவது புதிய இடத்திலிருந்து உள்ளே நுழைந்தால் செயலாளரின் கைப்பேசிக்கு ஒரு எண் வரும். "ஐயா, கோடு வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்க" என்று செய்தி வரும், அவரும் அனுப்பிவிடுவார்.

அந்தப் பாஸ்வேர்ட் சேனலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் கணக்கு முழுவதற்கும் அதுதான். சங்கத்துக்கு வரும் மின்னஞ்சல், டிரைவில் இருக்கும் உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகள் எல்லாமே அதோடு போகின்றன. ஒருவரை மட்டும் விலக்க வேண்டும் என்றாலும் பாஸ்வேர்டை மாற்றி மற்ற எல்லாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். அந்தச் சங்கடத்துக்காகவே யாரும் மாற்றுவதில்லை.

யூடியூப் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கூகுள் கணக்கிலிருந்தே சேனலுக்குள் வருவார்கள். யார் எதுவரை செய்யலாம் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். அதை எப்படி அமைப்பது என்று கற்பனையான ஒரு சங்கத்தை வைத்துக் காட்டுகிறேன். ரோஸ் ஹில் பக்கத்தில் ஒரு முருகன் கோயில். சேனலில் காவடிக் காட்சிகள், பிள்ளைகளுக்கான தேவார வகுப்புகள், அவ்வப்போது நேரலை. வேலை பார்ப்பவர்கள் ஐந்து பேர்: செயலாளர், துணைச் செயலாளர், வக்வாவில் இருந்து எடிட்டிங் செய்யும் தம்பி, வகுப்புகளுக்குப் பிரெஞ்சில் வசன வரி எழுதும் ஆசிரியை அக்கா, கணக்குப் பார்க்கும் பொருளாளர்.

முதலில் பார்க்க வேண்டியது: சேனல் யாருடையது?

எல்லாரும் நேராக அனுமதிப் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் சேனல் எந்தக் கூகுள் கணக்கில் உருவானது என்று பாருங்கள். அந்தக் கணக்கு வைத்திருப்பவர்தான் யூடியூபின் கண்ணில் உரிமையாளர், திரையில் Owner என்று வருபவர். சேனலை அழிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. தனிநபர் கணக்கில் உள்ள சேனலின் உரிமையை இந்த அனுமதிப் பக்கத்தின் வழியாக இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. எவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்தாலும் உரிமை அதே கணக்கில்தான் இருக்கும்.

ஆகவே, ஆர்வத்தில் ஒரு இளைஞர் தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கிய சேனல் என்றால், அவர் நல்லவரா இல்லையா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. அவர் வெளிநாடு போகலாம், கைப்பேசியைத் தொலைக்கலாம், அந்த ஜிமெயிலையே மூடிவிடலாம். சேனல் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. சங்கத்தின் பெயரில் தனியாக ஒரு கணக்கு இருப்பதும், அந்தக் கணக்கின் சேனலாக அது இருப்பதும்தான் சரி.

தனிநபர் கணக்கில் மாட்டிக்கொண்ட சேனலை மீட்கவும் வழி உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் அந்த இளைஞர் ஒரு பிராண்ட் அக்கவுண்ட், அதாவது பல பேர் சேர்ந்து உரிமையாளராக இருக்கக்கூடிய ஒரு கூகுள் கணக்கு, உருவாக்கி, சேனலை அதற்குள் நகர்த்த வேண்டும். அதற்கான வழி youtube.com/account_advanced என்ற பக்கத்தில் இருக்கிறது. பிறகு சங்கத்தின் கணக்கை அந்தப் பிராண்ட் அக்கவுண்டில் ஓர் உரிமையாளராகச் சேர்த்து, ஒரு வாரம் காத்திருந்து, முதன்மை உரிமையாளராக மாற்ற வேண்டும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நகர்த்தும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சேனல் இருந்தால், வருகிற சேனல் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும், இருந்தது அழிந்துவிடும். அதனால் எந்தச் சேனல் எதன் மேல் ஏறப் போகிறது என்று திரையில் காட்டும் பெயர்களை இரண்டு பேராக உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகே அழுத்துங்கள். திருவிழா நெருங்கும் வாரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

யாருக்கு எந்தப் பொறுப்பு

பொறுப்புகளின் பெயர்கள் திரையில் இப்படி வரும்: Manager, Editor, Subtitle editor, Viewer. இவற்றில் Editor, Viewer இரண்டுக்கும் limited என்ற சொல் சேர்ந்த இன்னொரு வடிவமும் இருக்கும். இவர்களை லிமிடெட் எடிட்டர், லிமிடெட் வியூவர் என்று சொல்லிக்கொள்வோம்.

பதவிப் பெயரைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். சங்கத்தில் பெரியவர் என்பதற்காக மேனேஜர் கொடுப்பதும், சின்னப் பையன் என்பதற்காக வியூவர் கொடுப்பதும் இங்கே பொருந்தாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொறுப்பில் இருப்பவர் தவறுதலாக அழுத்தினால், திரும்பச் சரிசெய்ய முடியாதது எது?

திருத்தக் கூடியவை நிறைய இருக்கின்றன. தலைப்பை மாற்றினால் மறுபடி மாற்றலாம். வீடியோவை மறைத்து வைத்தால் மறுபடி திறக்கலாம். திருத்த முடியாதது வெளியான வீடியோவை அழிப்பது. அழித்த வீடியோ திரும்பி வராது. அதே கோப்பை மறுபடி ஏற்றினாலும் புதிய இணைப்பு முகவரிதான் கிடைக்கும். பழைய இணைப்பைப் பகிர்ந்திருந்த இடங்களிலெல்லாம் அது செத்த இணைப்பாகிவிடும். பார்த்தோர் எண்ணிக்கையும் கீழே எழுதியிருந்த கருத்துகளும் போய்விடும். பத்து வருடத்துக்கு முந்தைய காவடி வீடியோவின் மூலக்கோப்பு யாரிடமும் இல்லை என்றால், அந்தக் காட்சியே போனது.

மேனேஜருக்கும் எடிட்டருக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. எடிட்டர் வீடியோ ஏற்றலாம், வெளியிடலாம், விவரங்களைத் திருத்தலாம், வெளியிடாத வரைவை நீக்கலாம். வெளியான வீடியோவை அழிக்க முடியாது, சேனலை அழிக்க முடியாது, ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. மேனேஜர் வெளியானதையும் அழிக்கலாம், ஆட்களையும் சேர்க்கலாம், நீக்கலாம். சேனலை மட்டும் அழிக்க முடியாது.

இதை வைத்துப் பார்த்தால் வக்வா தம்பிக்கு எடிட்டர் போதும். அவருடைய வேலை முழுவதும் அதற்குள் அடங்குகிறது. தவறான வீடியோவை வெளியிட்டுவிட்டால் அவர் அதை Private ஆக்கி மறைக்கலாம். அழிப்பதை, சங்கத்தின் கணக்கில் உரிமையாளராக நுழையும் செயலாளர் பார்த்துக்கொள்வார். இந்தச் சின்னத் தாமதம் நல்லது. சேனலில் வருமானம் வந்து, அந்தக் கணக்கு நிர்வாகக் குழுவுக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் தம்பிக்கு லிமிடெட் எடிட்டர் கொடுங்கள். எடிட்டர் செய்வதையெல்லாம் அவரும் செய்வார், வருமான விவரம் மட்டும் தெரியாது. சேனலில் வருமானமே இல்லை என்றால் இதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

ஆசிரியை அக்காவுக்கு Subtitle editor. எனக்குப் பிடித்த பொறுப்பு இது, ஏனென்றால் நம் ஊருக்கே அளவெடுத்ததுபோல் இருக்கிறது. வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சு படித்து, தமிழைக் காதால் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் ரியூனியனில் இருக்கும் நம்மவர்களுக்கும் தேவாரத்தின் பொருள் பிரெஞ்சு வசன வரியாகத்தான் போய்ச் சேரும். அந்த வேலையைச் செய்பவருக்கு வசன வரியைச் சேர்க்க, திருத்த, வெளியிட, நீக்க மட்டும் அனுமதி இருந்தால் போதும். வீடியோவை அவர் தெரியாமல்கூடத் தொட முடியாது. கணினி என்றாலே தயங்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், நிம்மதியாக உட்கார்ந்து எழுதுவார்கள். "எதையாவது கெடுத்துவிடுவேனோ" என்ற பயம்தான் பலரை இந்த வேலைக்கு வரவிடாமல் செய்கிறது.

பொருளாளருக்கு வியூவர். எல்லா எண்களையும் வருமானத்தையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிய விரும்பும் நன்கொடையாளர் யாராவது இருந்தால் அவருக்கு லிமிடெட் வியூவர்.

துணைச் செயலாளருக்கு மேனேஜர். ஒரே ஒருவருக்குத்தான். செயலாளர் இந்தியாவுக்கு யாத்திரை போயிருக்கும்போது ஓர் ஆளை உடனே நீக்க வேண்டி வந்தால் அதற்கு ஒருவர் ஊரில் வேண்டும். இரண்டாவது மேனேஜர் யாருக்காவது வேண்டும் என்று கேட்டால், "எடிட்டரால் செய்ய முடியாத எந்த வேலை உங்களுக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அழைப்பு அனுப்புவது

இதைக் கணினியில், உலாவியில் செய்யுங்கள். சங்கத்தின் கணக்கில் நுழைந்து studio.youtube.com திறக்கவும். நம் ஊரில் பலருடைய திரை பிரெஞ்சில் இருக்கும். அப்படியென்றால் Settings என்பது Paramètres என்றும், Permissions என்பது Autorisations என்றும், Invite என்பது Inviter என்றும் இருக்கும். இடம் ஒன்றுதான்.

1. இடது பக்கப் பட்டியலின் அடியில் Settings அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் Permissions.

2. Invite அழுத்தி, அழைக்கப்படுபவரின் மின்னஞ்சல் முகவரியை எழுதுங்கள். பக்கத்திலேயே பொறுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

3. Done அழுத்துங்கள். பெட்டியின் அடியில் Save இருந்தால் அதையும் அழுத்துங்கள். பலர் முதல் பொத்தானோடு பெட்டியை மூடிவிட்டு, அழைப்பு வரவில்லை என்று அடுத்த நாள் தேடுகிறார்கள். மறுபடி Permissions திறந்து அந்த முகவரி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இடையில் கூகுள் "நீங்கள்தானா" என்று பாஸ்வேர்டையோ கைப்பேசி உறுதியையோ கேட்கலாம். ஆட்களைச் சேர்ப்பது முக்கியமான செயல் என்பதால் அப்படிக் கேட்கிறது. அதனால் இதைச் செய்யும்போது செயலாளரின் கைப்பேசி கையில் இருக்க வேண்டும்.

Permissions பக்கத்தில் Invite பொத்தானே இல்லாமல், வேறொரு பக்கத்துக்குப் போகச் சொல்லும் இணைப்பு மட்டும் இருந்தால், உங்கள் சேனல் பிராண்ட் அக்கவுண்டின் பழைய முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முறையில் மேலே சொன்ன நுணுக்கமான பிரிவுகள் கிடையாது. எடிட்டர், வசன வரி எழுதுபவர் என்றெல்லாம் பிரிக்க முடியாது. யூடியூப் ஸ்டூடியோவின் அனுமதி முறைக்கு மாறும் வாய்ப்பை அதே பக்கத்தில் காணலாம். மாறுவதற்கு முன் பழைய பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாறிய பிறகு பழைய இடத்தையும் புதிய இடத்தையும் இரண்டையும் திறந்து பாருங்கள். முந்தைய குழுவைச் சேர்ந்த யாராவது பழைய பட்டியலில் இன்னும் உரிமையாளராக உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

அழைப்பை ஏற்பது: சிக்கல் வரும் இடம்

அழைப்பு மின்னஞ்சலாகப் போகும். 30 நாளுக்குள் ஏற்க வேண்டும், இல்லையென்றால் காலாவதியாகிவிடும், மறுபடி அனுப்ப வேண்டும். ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய முகவரிக்குரிய கூகுள் கணக்கில் இருந்துகொண்டுதான் ஏற்க முடியும். பொருளாளர் வருடக்கணக்காக intnet.mu முகவரி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரிக்கு அழைப்பு போய்ச் சேரும், ஆனால் அந்த முகவரியில் கூகுள் கணக்கு இல்லையென்றால் ஏற்க முடியாது. ஜிமெயில் இல்லாத முகவரியிலும் கூகுள் கணக்கு தொடங்கலாம். அதைச் செய்துவிட்டு வரட்டும், அல்லது அவருடைய ஜிமெயில் முகவரியை வாங்கி அதற்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, கைப்பேசியில் இரண்டு மூன்று கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் விஷயம். தம்பிக்கு ஒரு கணக்கு படிப்புக்கு, ஒரு கணக்கு விளையாட்டுக்கு. அழைப்பு ஒன்றுக்கு வந்திருக்கும், இணைப்பைத் தொட்டால் மற்றதில் திறக்கும். ஏற்க முடியவில்லை என்று காட்டும். "லிங்க் வேலை செய்யவில்லை அண்ணா" என்று செய்தி வந்தால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் இதுதான். மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, சரியான கணக்கில் மட்டும் நுழைந்து, மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடச் சொல்லுங்கள்.

ஏற்ற பிறகு அவர் யூடியூபின் வலது மேல் மூலையில் தன் படத்தைத் தொட்டு Switch account என்பதற்குப் போனால் கோயிலின் சேனல் அங்கே இருக்கும். யூடியூப் ஸ்டூடியோ செயலியிலும் இப்படியே மாறிக்கொள்ளலாம்.

இந்த மாறுதலை மறப்பதால் ஒரு விபத்து நடக்கும். தம்பி இரவு முழுக்க உட்கார்ந்து காவடி வீடியோவை முடித்து ஏற்றுவார். காலையில் பார்த்தால் அது அவருடைய சொந்தச் சேனலில் வெளியாகி இருக்கும். யூடியூபில் ஒரு வீடியோவை ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியாது. மறுபடி முழுதாக ஏற்றத்தான் வேண்டும். அதனால் ஏற்றுவதற்கு முன் மூலையில் தெரியும் படம் கோயில் கோபுரமா தன் முகமா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் படம் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். உலாவியில் கோயில் வேலைக்கென்று தனி புரொஃபைல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சோதனை, பிறகு பூட்டை மாற்றுவது

எல்லாரும் ஏற்ற பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். சில வினாடி நீளத்தில் ஏதாவது ஒரு வீடியோவைச் செயலாளர் வெளியிடட்டும். தம்பி தன் கணக்கிலிருந்து சேனலுக்குள் வந்து அதன் தலைப்பை மாற்றட்டும். அது முடிய வேண்டும். பிறகு அதை அழிக்க முயலட்டும். அது முடியக் கூடாது. Permissions பக்கத்தில் புதிதாக யாரையும் அழைக்க அவரால் முடியக் கூடாது. அக்கா அதே வீடியோவுக்கு ஒரு வரி வசனம் எழுதிப் பார்க்கட்டும். கடைசியில் செயலாளர் அந்த வீடியோவை நீக்கிவிடலாம்.

இதுவரை செய்ததில் பழைய பாஸ்வேர்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. பல சங்கங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஐந்து பேருக்கும் ஒழுங்காகப் பொறுப்பு கொடுத்திருப்பார்கள், வாட்ஸ்அப்பில் கிடக்கும் பாஸ்வேர்டும் அப்படியே வேலை செய்யும். எடிட்டராக இருக்கும் தம்பி, பழைய பாஸ்வேர்டில் நுழைந்தால் உரிமையாளர்தான். அப்போது பொறுப்பு பிரித்ததற்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே myaccount.google.com பக்கத்துக்குப் போய், பாதுகாப்புப் பகுதியில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றினால் பெரும்பாலான கருவிகளிலிருந்து கணக்கு வெளியேறிவிடும், ஆனால் எல்லாவற்றிலிருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். கருவிகளின் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாத ஒவ்வொன்றையும் கையால் வெளியேற்றுங்கள். கணக்கோடு இணைந்திருக்கும் வெளிச் செயலிகளின் பட்டியலையும் பாருங்கள்.

அதன் பிறகு மீட்புக் கைப்பேசி எண், மீட்பு மின்னஞ்சல். பாஸ்வேர்டை மாற்றுபவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை. முன்னாள் செயலாளரின் எண் மீட்பு எண்ணாக இருந்தால், "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தி அவரால் கணக்கை மீட்டுக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. அவர் அப்படிச் செய்யமாட்டார் என்பது சரி. அந்த எண் நாளை வேறு யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது.

பாஸ்வேர்டோடு கைப்பேசி உறுதியையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். யூடியூபில் வருமானம் பெறும் சேனல்களுக்கு 2021 நவம்பர் முதல் இது கட்டாயம். வருமானம் இல்லாதவர்களும் போடலாம், போட வேண்டும். போட்டதும் 10 காப்புக் குறியீடுகளை உருவாக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் பயன்படும். அந்தத் தாளைக் கோயில் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். செயலாளரின் கைப்பேசி கடலில் விழுந்தாலும் சேனலுக்குள் போக முடியும்.

பொறுப்பு பிரித்தாலும் தடுக்க முடியாதவை

எடிட்டர் ஏற்றும் எதுவும் சேனலின் பெயரில்தான் வெளியாகும். அவர் எழுதும் பதில்களும் கோயில் சொன்னதாகவே வெளியே தெரியும். காவடி வீடியோவின் பின்னணியில் அவர் ஒரு திரைப்படப் பக்திப் பாட்டைச் சேர்த்து, அதன் உரிமையாளர் அந்த வீடியோவை நீக்கக் கோரினால், எச்சரிக்கை வருவது சேனலுக்கு. பதிப்புரிமை எச்சரிக்கை 90 நாள் நிற்கும். அந்தக் காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். எடிட்டரால் சேனலை அழிக்க முடியாது என்று சொன்னேன், ஆனால் இந்த வழியாகச் சேனல் போக முடியும். கோயிலிலேயே நாதஸ்வரம், தவில், பிள்ளைகள் பாடியது என்று நீங்களே பதிவு செய்த ஒலியை ஒரு டிரைவ் அடைவில் போட்டு, பின்னணிக்கு அதை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது எடிட்டரின் கணினி. விளம்பர வாய்ப்பு என்று மின்னஞ்சல் அனுப்பி, அதில் வரும் கோப்பைத் திறக்கவைத்து, ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று காட்ட உலாவி வைத்திருக்கும் சிறு பதிவான உள்நுழைவுக் குக்கீயைத் திருடுவது யூடியூப் நடத்துபவர்களைக் குறிவைக்கும் முறை. கூகுளின் பாதுகாப்புக் குழு 2021 அக்டோபரில் இதைப் பற்றி விரிவாக எழுதியது. குக்கீ கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் மறுபடி கேட்காது. தம்பியின் கணினியில் இது நடந்தால், திருடனுக்கு எடிட்டரின் அதிகாரம் மட்டும்தான் கிடைக்கும். மோசடி வீடியோ ஒன்றை ஏற்றலாம், தலைப்புகளைக் கெடுக்கலாம். பழைய வீடியோக்களை அழிக்க முடியாது, உங்களை வெளியே தள்ள முடியாது. செயலாளரோ துணைச் செயலாளரோ Permissions திறந்து தம்பியின் பெயரை நீக்கினால் அந்தக் கதவு மூடிவிடும், பிறகு கெட்டதைத் திருத்தலாம். பாஸ்வேர்டைப் பகிர்ந்து, அந்தக் கணினியில் உரிமையாளராக நுழைந்திருந்தால் சேனலையே இழந்திருப்பீர்கள். தம்பியின் சொந்தக் கணக்கிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்க வேண்டும் என்பதை அழைப்பு அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

நேரலைக்கு ஒரு தனிச் சாவி உண்டு, Stream key என்று பெயர். அதை ஒளிபரப்பு மென்பொருளில் ஒட்டினால், எந்தக் கணக்கிலும் நுழையாமலே உங்கள் சேனலில் நேரலை போடலாம். அனுமதிப் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. திருவிழாவுக்குப் படம்பிடிக்க வாடகைக்கு வரும் குழுவுக்கு இந்தச் சாவியை மட்டும் கொடுத்தால் போதும், சேனலில் எந்தப் பொறுப்பும் கொடுக்க வேண்டாம். நேரலை முடிந்த அன்றே அதை Reset செய்துவிடுங்கள்.

சில வெளிக் கருவிகள் இந்த முறையில் வேலை செய்யாது. வெளிச் செயலிகளுக்காக யூடியூப் திறந்துவைத்திருக்கும் ஏபிஐ என்ற இணைப்பு வழியாக வீடியோ ஏற்றும், அட்டவணை போடும் செயலிகளில், இப்படி அனுமதி பெற்ற சேனல் தெரியாது. "என் செயலியில் கோயில் சேனல் வரவில்லை, அதனால் பாஸ்வேர்ட் கொடுங்கள்" என்று தம்பி கேட்கலாம். கொடுக்க வேண்டாம். குறித்த நேரத்தில் வெளியிடும் வசதி ஸ்டூடியோவிலேயே இருக்கிறது.

ஒருவர் விலகும்போது

Permissions பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நீக்கும் குறியை அழுத்திச் சேமித்தால் போதும். அவர் ஏற்றிய வீடியோக்கள் சேனலிலேயே இருக்கும். மற்ற நால்வருக்கும் எதுவும் மாறாது, யாரும் புதிய பாஸ்வேர்ட் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

நீக்குவதற்கு முன் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. வெட்டாத மூலக் காட்சிகளும் எடிட்டிங் கோப்புகளும் யூடியூபில் இருக்காது, தம்பியின் வன்தட்டில் இருக்கும். அனுமதியை எடுத்ததால் அவை நம்மிடம் வந்துவிடாது. சங்கத்தின் வன்தட்டில் அவற்றை வாங்கி, திறந்து பார்த்து, பிறகு பெயரை எடுங்கள். நல்ல உறவோடு விலகும்போது இதைக் கேட்பது எளிது.

நிர்வாகக் குழு மாறும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சேனலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய செயலாளரும் புதிய செயலாளரும் ஒரே கணினியின் முன் உட்கார்ந்து, பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணைப் புதியவருடையதாக்கி, பழைய காப்புக் குறியீட்டுத் தாளைக் கிழித்துப் புதியதை அச்சிட்டு, அனுமதிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசிக்க வேண்டும். பெயரைப் படித்ததும் "இவர் யார்?" என்று இருவரில் ஒருவர் கேட்டால், அந்தப் பெயரை அங்கேயே நீக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தேவைப்பட்டால் மறுநாள் மறுபடி அழைத்துக்கொள்ளலாம்.